பலகோணத்தைச் சாளரத்துக்குள் வெட்டுவது: ஒரு தடவைக்கு ஒரு விளிம்பு

ஒரு செவ்வகச் சாளரம். இடது விளிம்பு x = 2, வலது x = 10, கீழே y = 2, மேலே y = 8. அதன்மேல் ஒரு முக்கோணம் கிடக்கிறது. அதன் முனைகள் (0,5), (6,11), (6,-1). மூன்று முனைகளுமே சாளரத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. ஆனால் முக்கோணத்தின் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. உள்ளே இருக்கும் பகுதியை மட்டும், நிறம் நிரப்பக்கூடிய ஒரு முழுப் பலகோணமாக எடுக்க வேண்டும். இதுதான் வேலை.

வரைபடத்தைச் சதுரச் சதுரமாகப் பிரித்த டைல்களில் ஏரியையும் வயலையும் வெட்டும் வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் இந்த இடத்தில் செய்யும் முதல் முயற்சி எப்போதும் ஒன்றேதான்: வெளியே போன முனையைப் பிடித்து இழுத்து விளிம்பில் வைத்துவிடுவது. x இரண்டுக்குக் கீழே போனால் 2, y எட்டுக்கு மேலே போனால் 8. அப்படிச் செய்தால் நம் முக்கோணம் (2,5), (6,8), (6,2) என்று ஆகிவிடும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். அதன் பரப்பு 12. சரியான விடையின் பரப்பு 23. முனையை நகர்த்தினால் பக்கத்தின் சாய்வும் மாறிவிடுகிறது, அதனால் கிடைப்பது வேறொரு முக்கோணம்.

அடுத்த முயற்சி, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கோடாக எடுத்து வெட்டுவது. அப்போது (2,7)–(3,8), (6,8)–(6,2), (3,2)–(2,3) என்று மூன்று துண்டுக் கோடுகள் கிடைக்கும். மூன்றும் சரியான கோடுகள்தான். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. இடைவெளிகளை எந்த விளிம்பு வழியாக, எந்த மூலையைச் சுற்றி மூடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு if போட ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

1974-ல் ஐவன் சதர்லேண்டும் கேரி ஹாட்ஜ்மனும் வெளியிட்ட முறை இந்தக் கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் பெயரிலேயே சதர்லேண்ட்–ஹாட்ஜ்மன் முறை என்கிறோம்.

பைண்டிங் கடை வெட்டு

பைண்டிங் கடையில் காகித அடுக்கை ஓரம் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கத்தி ஒரு நேர்கோட்டில் முழு நீளத்துக்கும் இறங்கும். மூலை வந்ததும் திரும்புகிற கத்தி கிடையாது. ஒரு பக்கம் வெட்டி, அடுக்கைத் திருப்பி, அடுத்த பக்கம் வெட்டுவார்கள். மூலை என்பது இரண்டு வெட்டுகள் சந்தித்ததால் தானாக வருவது.

இங்கேயும் அதேதான். சாளரத்தின் இடது விளிம்பை இருபுறமும் முடிவில்லாமல் நீளும் ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் உள்ளது எல்லாம் போகட்டும், வலப்பக்கம் உள்ளது எல்லாம் இருக்கட்டும். மற்ற மூன்று விளிம்புகளும் இருப்பதாகவே நினைக்க வேண்டாம். இப்படி வெட்டிய பலகோணத்தை வலது விளிம்புக்குக் கொடுங்கள், அது வெட்டியதைக் கீழ் விளிம்புக்கு, கடைசியாக மேல் விளிம்புக்கு. நான்கு வெட்டு முடிந்ததும் கையில் இருப்பதுதான் விடை. எந்த வரிசையில் வெட்டினாலும் கடைசி உருவம் ஒன்றுதான்.

ஆக, "இந்தப் புள்ளி சாளரத்துக்குள் இருக்கிறதா?" என்று எங்கேயும் கேட்கக் கூடாது. "இந்தப் புள்ளி இந்த ஒரு கோட்டின் உட்புறத்தில் இருக்கிறதா?" என்பது மட்டுமே கேள்வி.

ஒரு வெட்டுக்குள் நடப்பது

பலகோணம் என்பது முனைகளின் பட்டியல். பட்டியலை வரிசையாகச் சுற்றி வருகிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தொடக்க முனை, ஒரு முடிவு முனை. புதிதாக ஒரு காலிப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிறோம். நான்கே நிலைமைகள்.

இரண்டு முனைகளும் உள்ளே என்றால் முடிவு முனையை எழுதுங்கள். தொடக்க முனையை எழுத வேண்டாம், முந்தைய பக்கம் அதை ஏற்கெனவே எழுதிவிட்டது. உள்ளிருந்து வெளியே போகிறது என்றால் பக்கம் கோட்டை வெட்டும் புள்ளியை மட்டும் எழுதுங்கள். இரண்டும் வெளியே என்றால் எதுவும் எழுத வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்றால் இரண்டு புள்ளிகள்: முதலில் வெட்டுப்புள்ளி, அப்புறம் முடிவு முனை. இந்த நான்காவது நிலைமையில் வரிசை மாறிவிட்டால் பக்கங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி போல ஒரு உருவம் வரும். திரையில் அப்படிப் பார்த்தால் நேராக இந்த இடத்துக்கு வந்து பாருங்கள்.

பட்டியலின் கடைசி முனையிலிருந்து முதல் முனைக்கு வரும் பக்கத்தையும் மறக்கக் கூடாது. அது விட்டுப்போனால் ஒரு மூலை மட்டும் காணாமல் போகும். முழு உருவமும் கெடாததால் பல நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடும்.

கையால் ஒரு முறை

நம் முக்கோணத்தைப் பேப்பரில் வெட்டிப் பார்ப்போம். முதலில் இடது விளிம்பு, x = 2. உட்புறம் என்றால் x இரண்டோ அதற்கு மேலோ.

கடைசி முனையிலிருந்து தொடங்குகிறேன். (6,-1)-லிருந்து (0,5)-க்குப் போகும் பக்கம் உள்ளிருந்து வெளியே போகிறது. x ஆறிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது y மைனஸ் ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏறுகிறது, அதாவது x ஒன்று குறைந்தால் y ஒன்று கூடும். x இரண்டாக ஆகும்போது y மூன்று. (2,3) என்று எழுதுகிறேன். அடுத்தது (0,5)-லிருந்து (6,11). வெளியிலிருந்து உள்ளே வருகிறது. வெட்டுப்புள்ளி (2,7), அதை எழுதிவிட்டு (6,11)-ஐயும் எழுதுகிறேன். கடைசியாக (6,11)-லிருந்து (6,-1). இந்தக் கோட்டைப் பொறுத்தவரை இரண்டுமே உள்ளேதான். (6,-1) எழுதுகிறேன்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். (6,11) சாளரத்துக்கு வெகு மேலே இருக்கிறது. இருந்தும் அதை "உள்ளே" என்று எழுதியிருக்கிறோம். புதியவர்களுக்குக் கை கூசும் இடம் இது. மேல் விளிம்பின் முறை வரும்போது அது போய்விடும், இப்போது அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பட்டியல் இப்படி மாறுகிறது:

```
தொடக்கம்     (0,5) (6,11) (6,-1)
இடது x=2     (2,3) (2,7) (6,11) (6,-1)
வலது x=10    (2,3) (2,7) (6,11) (6,-1)
கீழ் y=2     (3,2) (2,3) (2,7) (6,11) (6,2)
மேல் y=8     (3,2) (2,3) (2,7) (3,8) (6,8) (6,2)
```

வலது விளிம்பில் எல்லாமே உள்ளே இருந்ததால் பட்டியல் மாறவில்லை. முடிவில் முக்கோணம் அறுகோணமாகிவிட்டது. பரப்பைச் சரிபார்ப்பது சுலபம்: x 2 முதல் 6 வரை, y 2 முதல் 8 வரை உள்ள செவ்வகம் 24. அதில் இரண்டு மூலைகளில் அரை அரை போகிறது. மிச்சம் 23.

இனி மூலைக்கு வருவோம். இதே முக்கோணத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி (-2,5), (6,13), (6,-3) என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடது வெட்டு முடிந்ததும் பட்டியல் (2,1), (2,9), (6,13), (6,-3). இதில் (2,1), (2,9) இரண்டும் நாம் புதிதாக உண்டாக்கிய புள்ளிகள், இரண்டுமே சாளரத்துக்கு வெளியே இருக்கின்றன. கீழ் விளிம்பு (2,1)-ஐ நீக்கிவிட்டு (2,2)-ஐ வைக்கிறது. மேல் விளிம்பு (2,9)-ஐ நீக்கிவிட்டு (2,8)-ஐ வைக்கிறது. முடிவில் (2,2), (2,8), (6,8), (6,2). சாளரத்தின் இரண்டு மூலைகளும் விடையில் வந்து உட்கார்ந்துவிட்டன. மூலைக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நிரலாக

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def cross(a, b, axis, limit):
    if a[axis] > b[axis]:
        a, b = b, a
    t = (limit - a[axis]) / (b[axis] - a[axis])
    p = [a[0] + t * (b[0] - a[0]),
         a[1] + t * (b[1] - a[1])]
    p[axis] = limit
    return tuple(p)

def clip_edge(poly, axis, limit, sign):
    out = []
    for i in range(len(poly)):
        s, e = poly[i - 1], poly[i]
        s_in = sign * (s[axis] - limit) >= 0
        e_in = sign * (e[axis] - limit) >= 0
        if s_in != e_in:
            out.append(cross(s, e, axis, limit))
        if e_in:
            out.append(e)
    return out

def clip(poly, xmin, ymin, xmax, ymax):
    for axis, limit, sign in ((0, xmin, 1), (0, xmax, -1),
                              (1, ymin, 1), (1, ymax, -1)):
        poly = clip_edge(poly, axis, limit, sign)
    return poly
```

`axis` பூஜ்யம் என்றால் x, ஒன்று என்றால் y. `sign` எந்தப் பக்கம் உட்புறம் என்பதைச் சொல்கிறது. நான்கு நிலைமைகள் இரண்டே `if`-களில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். முனைகள் ஆளுக்கொரு பக்கம் இருந்தால் வெட்டுப்புள்ளி, முடிவு முனை உள்ளே இருந்தால் அதுவும். `i` பூஜ்யமாக இருக்கும்போது `poly[i - 1]` பட்டியலின் கடைசி முனையை எடுப்பதால், மூடும் பக்கமும் கணக்கில் வந்துவிடுகிறது.

`cross`-ல் பூஜ்யத்தால் வகுக்கும் ஆபத்து இருக்கிறதோ என்று பலர் ஒரு சோதனை போடுவார்கள். தேவையில்லை. ஒரு முனை உள்ளே, ஒன்று வெளியே என்றால் மட்டுமே அங்கே வருகிறோம். அப்படியானால் இரண்டின் x (அல்லது y) சமமாக இருக்கவே முடியாது. விளிம்புக்கு இணையான பக்கம் இந்த வாசலுக்கே வராது.

`p[axis] = limit` என்ற வரியைச் சிலர் வீண் என்று எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். தசம எண்களில் கணக்குப் போட்டால் x சரியாக 2-ஆக வராமல் 1.9999999999999998 என்று வரலாம். வெட்டிய புள்ளி விளிம்பின்மேல் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததை எதற்குத் திரும்பக் கணக்கிட்டுக் கெடுக்க வேண்டும்?

`a`, `b` இடம் மாற்றும் வரி பக்கத்துப் பலகோணத்துக்காக. அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு ஒரே வரப்பு. ஒரு வயலின் பட்டியலில் அந்த வரப்பு வடக்கிலிருந்து தெற்காகவும், மற்றதில் தெற்கிலிருந்து வடக்காகவும் போகும். எந்த முனையிலிருந்து கணக்குத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து விடையின் கடைசி இலக்கம் மாறலாம். அப்படி மாறினால் இரண்டு வயல்களுக்கும் நடுவே மயிரிழை விரிசல் தெரியும். எப்போதும் சிறிய எண் உள்ள முனையிலிருந்தே தொடங்கினால் இருவருக்கும் ஒரே புள்ளி கிடைக்கும்.

வேறு மொழியில் எழுதும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் அதே பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் புதுப் பட்டியல். பலகோணம் முழுவதும் வெளியே இருந்தால் ஏதாவது ஒரு வெட்டில் பட்டியல் காலியாகிவிடலாம். காலிப் பட்டியலின் கடைசி முனையைக் கேட்டு நிரல் நின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள நிரலில் அந்தச் சிக்கல் இல்லை, சுற்று ஒரு தடவைகூட ஓடாது.

எல்லாமே காலியாக வருகிறதா? பெரும்பாலும் காரணம் திரையின் y. திரையில் y கீழ்நோக்கி வளரும். "கீழே" என்று நினைத்துப் பெரிய எண்ணை `ymax`-க்கு பதிலாக `ymin`-ல் கொடுத்திருப்போம். மேல், கீழ் என்று யோசிக்காமல் சிறியது, பெரியது என்று மட்டும் யோசித்தால் இந்தத் தவறு வராது.

கோட்டின்மேலேயே உட்காரும் முனை

`>=` என்று எழுதியிருப்பதால் விளிம்பின்மேல் உள்ள புள்ளி உள்ளே என்று கணக்கு. இதனால் ஒரு சின்னத் தொந்தரவு உண்டு. ஒரு முனை சரியாக x = 2-ல் இருக்கிறது, அடுத்தது வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையை ஒரு தடவை எழுதியாயிற்று. வெளியே போகும் பக்கத்தின் வெட்டுப்புள்ளியும் அதே இடம்தான், அதையும் எழுதுவோம். ஒரே புள்ளி இரண்டு தடவை. முழுக்க வெளியே இருக்கும் முக்கோணம் ஒரு முனையால் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரே புள்ளி மூன்று தடவை வரும். பட்டியலின் நீளம் மூன்று, ஆனால் பரப்பு பூஜ்யம். `>` என்று மாற்றினால் இது போகும், ஆனால் உள்ளிருந்து வந்து தொட்டுத் திரும்பும் முனை அப்போது இரட்டிக்கும். எனவே `>=` இருக்கட்டும். கடைசியில் அடுத்தடுத்து வரும் ஒரே புள்ளிகளை நீக்கி, மூன்றுக்குக் குறைவாக மிஞ்சினால் தூக்கிப் போடுங்கள்.

குழிவு இல்லாத பலகோணத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு வெட்டு அதிகபட்சம் ஒரு முனையைத்தான் கூட்ட முடியும். எனவே முக்கோணம் நான்கு வெட்டுக்குப் பிறகு ஏழு முனைகளைத் தாண்டாது. எட்டைப் பார்த்தால் எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

ப வடிவம் வந்தால்

இந்த முறையின் உண்மையான எல்லை குழிவான உருவங்களில்தான். ப என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தூண்கள், கீழே அவற்றை இணைக்கும் ஒரு பட்டை. முனைகள் (3,0), (9,0), (9,7), (7,7), (7,1), (5,1), (5,7), (3,7). நம் சாளரம் y = 2-ல்தான் தொடங்குகிறது, எனவே பட்டை வெளியே போய்விடும். உள்ளே இருக்க வேண்டியவை இரண்டு தனித் தூண்கள்.

ஆனால் நம் முறையிடம் இருப்பது ஒரே ஒரு பட்டியல். அது தருவது இதை:

```
(3,2) (9,2) (9,7) (7,7) (7,2) (5,2) (5,7) (3,7)
```

(3,2)-லிருந்து (9,2) வரை விளிம்போடு ஒரு பக்கம் ஓடுகிறது. பிறகு (7,2)-லிருந்து (5,2)-க்கு இன்னொன்று திரும்பி வருகிறது. இரண்டு தூண்களுக்கும் நடுவே, x 5 முதல் 7 வரை, போன பக்கமும் வந்த பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. தடிமன் இல்லாத ஒரு பாலம். நிறம் நிரப்பினால் இது தெரியவே தெரியாது. பரப்புக் கணக்கும் தவறாது, 20 என்றுதான் வரும். பலகோணத்தின் ஓரத்தைக் கோடாக வரையும்போதுதான் பாலம் திரையில் தெரியும்.

இரண்டு கிளைகளாகப் பிரியும் ஓர் ஏரியை வரைந்தபோது எனக்கு இப்படித்தான் வந்தது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே, தரையின் மேல், டைலின் விளிம்போடு ஒரு மெல்லிய நீலக் கோடு. நிறம் நிரப்பும் பகுதியில் இரண்டு நாள் தேடினேன். பட்டியலை அச்சிட்டு ஒவ்வொரு புள்ளியாகப் பென்சிலில் இணைத்துப் பார்த்தபோதுதான், கோடு போய்த் திரும்புவது புரிந்தது.

வரைபடத்துக்கு இதன் தீர்வு எளிது. காட்டப்போகும் சாளரத்தைவிடக் கொஞ்சம் பெரிய செவ்வகத்தால் வெட்டுங்கள். நம் உதாரணத்தில் y = 2-க்கு பதிலாக y = 1.5. பாலம் 1.5-ல் விழும், திரை 2-லிருந்துதான் காட்டும், பாலம் கண்ணில் படாது. நிஜ டைல்களில் இந்த ஓரம் சில பிக்சல்கள் இருந்தால் போதும், ஆனால் ஓரக் கோட்டின் தடிமனில் பாதியைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் ஒரு பாதி எட்டிப் பார்க்கும்.

துண்டுகள் உண்மையிலேயே தனித்தனியாக வேண்டும் என்றால், உதாரணமாக எத்தனை துண்டுகள் என்று எண்ண வேண்டுமானால், இந்த முறை போதாது. ஒன்று, பலகோணத்தை முதலிலேயே முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வெட்டி, பக்கம் ஒட்டியிருப்பவற்றைத் திரும்பச் சேர்க்கலாம். அல்லது 1977-ல் வந்த வைலர்–ஆதர்ட்டன் முறைக்குப் போகலாம். அது பலகோணத்தின் பக்கங்களிலும் சாளரத்தின் பக்கங்களிலும் மாறி மாறி நடந்து, ஒவ்வொரு துண்டையும் தனியாக மூடிக் கொடுக்கும். எழுதுவது நிச்சயம் கடினம். நடுவில் தீவு உள்ள ஏரிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கரையை ஒரு பட்டியலாகவும் தீவை ஒரு பட்டியலாகவும் தனித்தனியே இதே `clip` வழியாக அனுப்பி, இரண்டையும் சேர்த்து நிரப்பினால் சரியாக வரும்.

ப வடிவத்தை உங்கள் நிரலின் சோதனைகளில் முக்கோணத்துக்கு அடுத்ததாகச் சேர்த்துவிடுங்கள். முக்கோணத்துக்கு ஆறு முனைகள், பரப்பு 23. ப-வுக்கு எட்டு முனைகள், பரப்பு 20. பிறகு இரண்டின் பட்டியலையும் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். பரப்பின் குறி மாறலாம், அளவு மாறக் கூடாது.